பெட்டி கைக்கு வந்தது 11ஆம் திகதியா, 17ஆம் திகதியா?

வாசகர் கேள்வி

வணக்கம் ஐயா. நான் விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். அண்ணாவின் மகளுடைய சாமத்தியவீட்டுக்காக அம்மா கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா வழியாகப் பாரிஸ் போனார். யூன் 3 போய் இறங்கினார், சூட்கேஸ் வரவில்லை. விமான நிலையத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். யூன் 7 கொண்டாட்டமும் முடிந்து, அதற்குப் பிறகுதான் பெட்டி வீட்டுக்கு வந்தது. அம்மா இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்தத் தாளையும் பெட்டி கொண்டுவந்தவர் கொடுத்த துண்டையும் அண்ணா படம் எடுத்து வைபரில் அனுப்பினார். இரண்டும் பிரெஞ்சில் இருக்கின்றன. துண்டில் யூன் 17 என்று தெரிகிறது. அண்ணாவுக்குத் திகதி சரியாக நினைவில்லை. அவர் போன் எடுத்துக் கேட்டபோது "கோப்பு மூடியாயிற்று" என்றார்களாம். வாங்கிய சாமான் 274 யூரோ. தாள் எழுதியதே முறைப்பாடுதான், ஆனால் 21 நாள் போன பிறகுதான் காசு கேட்கலாம், கேட்டால் 1,000 யூரோவாகக் கேள் என்கிறார் மாமா. யூலை 9 எழுதலாமென்று இருக்கிறேன். என்ன எழுத வேண்டும்? படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்

தம்பி, யூலை 9 வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கணக்குப்படி அது கடைசி நாளுக்கு அடுத்த நாள். என் கணக்குப்படி கடைசி நாள் போய் ஒரு கிழமை. உங்கள் கடிதம் யூன் 24 கிடைத்தது. அன்றைக்கே சுருக்கமாக ஒரு பதிலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். விவரத்தை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் மாமா சொல்லும் அதே 21 நாள் கதையைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேறு பலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டுநாயக்காவில் பயணப்பொதி மேசையில் இருந்த காலத்திலும் இதைக் கேட்காத மாதமில்லை.

மாமா முழுக்கப் பிழை என்று சொல்ல முடியாது. சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையில் 21 நாள் என்ற கணக்கு இரண்டு இடத்தில் வருகிறது. பெட்டி வரவேண்டிய நாளிலிருந்து 21 நாளாகியும் வராவிட்டால், அது தொலைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பெட்டிக்கும் உள்ளே இருந்த சாமானுக்கும் நட்டஈடு கேட்கலாம். இது ஒன்று. மாமா கேள்விப்பட்டது இதைத்தான். மற்றது, பிந்தி வந்த பெட்டிக்கு. பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்க வேண்டும். முதலாவதில் 21 நாள் பொறுத்திருக்க வேண்டும், இரண்டாவதில் 21 நாளுக்குள் ஓட வேண்டும். அம்மாவின் பெட்டி வந்துவிட்டது, அதனால் உங்களுக்கு இரண்டாவதுதான். அந்த நாள் தப்பினால் விமான நிறுவனம் ஒரு வரியில் மறுத்துவிடும், பிறகு நீதிமன்றத்துக்குப் போயும் பயனில்லை. கிழமை நாள், விடுமுறை நாள் என்று பிரிவில்லை, ஞாயிறும் போயாவும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஆகவே எல்லாம் பெட்டி எப்போது கைக்கு வந்தது என்பதில் தங்கியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தை, அதாவது விநியோகத் துண்டை, பெரிதாக்கிப் பார்த்தேன். Livré le என்று அச்சிட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஒப்படைத்த திகதி பேனையால் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் அதை 17 என்று வாசித்தீர்கள். நம்முடைய கண்ணுக்கு அது 17தான். ஆனால் பிரான்சில் கையால் எழுதும் 1 நம்முடைய ஒற்றைக்கோட்டு 1 அல்ல. கீழிருந்து மேலே ஒரு நீளமான சாய்கோடு இழுத்து, அங்கிருந்து கீழே இறக்குவார்கள். சில கைகளில் அந்தச் சாய்கோடு அரைவாசி உயரத்துக்கு வரும், நாங்கள் அதை 7 என்று சத்தியம் செய்வோம். அவர்களுடைய 7க்கு நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இருக்கும்.

அதே துண்டின் கீழ்ப்பகுதியில் அந்த மனிதர் அண்ணாவின் தொலைபேசி எண்ணை எழுதியிருக்கிறார். அதில் வரும் 7 இரண்டுக்கும் குறுக்குக்கோடு தெளிவாக இருக்கிறது. திகதியில் இருக்கும் எழுத்துக்கு அது இல்லை. முதல் எழுத்தில் சாய்கோடு சிறிது, இரண்டாவதில் அவசரத்தில் நீண்டுவிட்டது, வேறுபாடு அவ்வளவுதான். ஆகவே திகதி 11/06. அவர்கள் நாளை முதலிலும் மாதத்தைப் பிறகும் எழுதுவார்கள், அதில் நமக்குச் சிக்கலில்லை. சந்தேகமென்றால் அண்ணாவின் போனில் பெட்டி கொண்டுவந்தவர் எடுத்த அழைப்பின் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அழிந்திருந்தாலும், பெட்டி வந்ததென்று உங்களுக்கு அவர் வைபரில் எழுதியிருப்பாரே, அது உங்கள் கையிலேயே இருக்கும்.

யூன் 11இலிருந்து 21 நாள் என்றால் யூலை 2. நீங்கள் நினைத்த 17ஆக இருந்தால் யூலை 8. இந்த ஆறு நாள் வித்தியாசத்துக்குள்தான் உங்கள் காசு இருக்கிறது.

இனி முதல் படம். விமான நிலையத்தில் கொடுத்த அந்தத் தாளைப் பயணப்பொதி முறைகேட்டு அறிக்கை என்போம், மேசையில் இருப்பவர்கள் சுருக்கமாக பி.ஐ.ஆர். என்பார்கள். தாளின் தலைப்பில் Bagage retardé என்று இருக்கிறது. பிந்திய பயணப்பொதி என்பதுதான் அதன் பொருள். சேதமடைந்ததற்கும் களவு போனதற்கும் வேறு தலைப்பு வரும். அந்தத் தலைப்பே உங்கள் வழக்கு எந்த வகை என்பதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது கோப்பு எண். பத்து எழுத்துகள் சேர்ந்தது. முதல் மூன்றும் CDG, அறிக்கை எழுதிய சார்ள் து கோல் விமான நிலையத்தின் குறி. அடுத்த இரண்டும் விமான நிறுவனத்தின் குறி. கடைசி ஐந்தும் இலக்கம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. தாளின் மேலே இருக்கும் சின்னத்தைப் பார்த்து நீங்கள் வேறொரு கம்பனியின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது அந்த விமான நிலையத்தில் பொதிகளைக் கையாளும் தரைச்சேவை நிறுவனம், அவர்களுக்கு எழுதிப் பிரயோசனமில்லை. கோப்பு எண்ணின் நான்காம் ஐந்தாம் எழுத்துகளை அம்மாவின் டிக்கெட்டில் விமான இலக்கத்துக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். முறைப்பாடு போக வேண்டியது அவர்களுக்கு.

பெயர்ப் பகுதியில் ஒரு பொறி இருக்கிறது. Nom என்றால் பெயர் என்று நினைப்போம். அது குடும்பப் பெயர். சொந்தப் பெயர் வருவது Prénom என்ற கட்டத்தில். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது அந்த மேசையில் இருந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் கணவர் பெயரை முதலாவதிலும் அம்மாவின் பெயரை இரண்டாவதிலும் போட்டிருக்கிறார். அது பிழையில்லை, ஆனால் நீங்கள் தாளைப் பார்த்து அப்பாவின் பெயரில் முறைப்பாடு எழுதிவிட்டால் அந்தப் பெயரில் பயணி இல்லை என்று பதில் வரும். டிக்கெட்டில் எந்த ஒழுங்கில் பெயர் இருக்கிறதோ அதே ஒழுங்கில் எழுதுங்கள்.

பெட்டியின் விவரத்தில் BU22 என்று இருக்கிறது. நீல நிறம், நிமிர்த்தி இழுக்கும் சூட்கேஸ் என்பதற்கான உலகப் பொதுக்குறி அது. அம்மாவின் பெட்டி நீலம் என்றால் தாள் அவருடையதுதான். ஒட்டுச்சீட்டு எண் படத்தில் பாதி மங்கல். அம்மாவிடம் கேளுங்கள், கட்டுநாயக்காவில் பெட்டி கொடுத்தபோது ஏறும் அட்டையின் பின்னால் ஒட்டிய சின்னத் துண்டு இருக்கும். அதில் பத்து இலக்கம் இருக்கும், தாளில் இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் மட்டும் இருந்தால் கடைசி ஆறும் பொருந்த வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டு திரிந்த தலைமுறை அது. துண்டை எறிந்திருக்க மாட்டார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு மூன்று வரி உண்டு. உங்கள் படத்தில் அரைவாசியை அண்ணாவின் பெருவிரல் மறைத்துவிட்டது. தெரிகிற அரைவாசியில், இந்த ஆவணம் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகாது என்று இருக்கிறது. மாமாவின் மற்றக் கருத்து, அதாவது தாள் எழுதியதே முறைப்பாடு என்பது, இங்கேதான் விழுகிறது. அந்தத் தாள் பெட்டியைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. பெட்டி கிடைத்து ஒப்படைத்ததும் தேடும் கோப்பை மூடிவிடுவார்கள், போனில் அண்ணாவுக்குச் சொன்னது அதைத்தான். காசு கேட்கும் பகுதி வேறு, அங்கே உங்களுக்கு இன்னும் கோப்பே திறக்கவில்லை. அண்ணாவிடம் மூலத்தாள் இருந்தால் மேசையில் விரித்து, யன்னல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய, பின்பக்கமும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் எழுத்து உடையாது. ஆனால் இந்த நல்ல படத்துக்காகக் கடிதத்தைப் பிந்த விடாதீர்கள், இப்போது இருப்பதோடு அனுப்பி மற்றதைப் பிறகு சேர்க்கலாம். அறிக்கையை மொழிபெயர்த்து அத்தாட்சிப்படுத்தவும் தேவையில்லை, அது அவர்களுடைய மேசையில் எழுதிய தாள். சமாதான நீதவானிடம் முத்திரைக்கும் ஓட வேண்டாம். நம் ஆட்கள் எதற்கும் ஒரு முத்திரை இருந்தால்தான் நிம்மதியாக இருப்பார்கள், அது வேறு கதை.

அடுத்தது காசு. 274 யூரோ என்ற கணக்கில் ஆறு பற்றுச்சீட்டு இருக்கிறது. லாச்சப்பலில் வாங்கிய சீலையும் சட்டையும் 95, செருப்பு 25, இரவு உடையும் உள்ளாடைகளும் 62, வைத்தியருக்கு 30, பிரஷர் குளிசைக்கு 14. இவை ஐந்தும் யூன் 4க்கும் 6க்கும் இடையில். ஆறாவது ஒரு சுவெற்றர், 48 யூரோ, திகதி யூன் 14. பெட்டி 17 வந்ததென்று நினைத்ததால் அது உங்களுக்கு உறுத்தவில்லை. பெட்டி 11 வந்துவிட்டது, 14 வாங்கியதைப் பெட்டி இல்லாததால் வாங்கியதென்று சொல்ல முடியாது. அவர்களுடைய கணினியில் ஒப்படைத்த திகதி இருக்கும், அந்த ஒரு சீட்டு மற்ற ஐந்தின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவரும். எடுத்துவிடுங்கள். மிச்சம் 226 யூரோ.

ஏன் 1,000 கேட்கக் கூடாது? உடன்படிக்கையில் பயணப்பொதிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை. அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, கிட்டத்தட்ட 2,000 அமெரிக்க டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா எங்கேயோ இந்தத் தொகையைக் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் அது மேல் எல்லை மட்டும். தாமதத்தால் உண்மையில் உண்டான நட்டத்தைத்தான் கேட்கலாம், அதையும் சீட்டோடு. பெட்டிக்குள் இருந்த சீலைகள் திரும்பி வந்துவிட்டதால் அவற்றின் பெறுமதியைக் கேட்க இடமில்லை. பயத்தம் உருண்டையும் கருவாடும் பழுதாகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பழுதாகும் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனையில் போட்டிருக்கின்றன, அதை விட்டுவிடுங்கள். பேத்தியின் சாமத்தியவீட்டில் அம்மா புதுச்சீலையோடு மனம் நொந்து நின்றதற்கு இந்தக் கடிதத்தால் காசு வராது, ஆனால் ஏன் சீலை வாங்க வேண்டி வந்தது என்பதற்குக் கொண்டாட்டம்தான் காரணம், அதைக் கட்டாயம் எழுத வேண்டும். கொண்டாட்டத்தின் திகதியைச் சொல்லாவிட்டால் 95 யூரோ சீலை அவர்கள் கண்ணுக்கு ஆடம்பரம்.

கடிதம் அம்மாவின் பெயரில், அம்மாவின் கையெழுத்தோடு போக வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்பவர் மட்டும். உங்கள் பெயரில் அனுப்பினால் அதிகாரக் கடிதம் கேட்டு ஒரு சுற்று வரும், உங்களிடம் அந்த நாள்கள் இல்லை. ஆங்கிலம் போதும், பிரெஞ்சு வேண்டாம். ஆங்கிலப் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட இதோ தமிழ்:

"பயணப்பொதி தாமதம் தொடர்பான எழுத்துமூல முறைப்பாடு. கோப்பு எண் (அறிக்கையில் உள்ளபடி), ஒட்டுச்சீட்டு எண், டிக்கெட் எண்.

நான் கொழும்பிலிருந்து பாரிசுக்கு உங்கள் விமானத்தில் பயணித்து யூன் 3 இறங்கினேன். எனது ஒரு சூட்கேஸ் வரவில்லை. அன்றே விமான நிலையத்தில் அறிக்கை எழுதப்பட்டது. சூட்கேஸ் யூன் 11 என் மகனின் வீட்டில் ஒப்படைக்கப்பட்டது.

அந்த எட்டு நாளும் என்னிடம் மாற்றுடையோ தினமும் எடுக்கும் இரத்த அழுத்தக் குளிசையோ இருக்கவில்லை. யூன் 7 நடந்த குடும்பச் சடங்குக்கு உரிய உடையும் அந்தச் சூட்கேசில் இருந்தது. ஆகவே இத்துடன் உள்ள ஐந்து பற்றுச்சீட்டுகளின்படி 226 யூரோ செலவழித்தேன்.

மொன்றியல் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரையின் கீழ் இத்தொகையைக் கோருகிறேன். இது 31ஆம் உறுப்புரையின்படி உரிய காலத்துக்குள் செய்யப்படும் முறைப்பாடு. பதிலை எழுத்தில் தரவும்."

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஊழியர் மரியாதையில்லாமல் பேசியது, வளைகுடாவில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தது எல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் வாசிப்பவர் அவற்றுக்குப் பதில் எழுதிவிட்டுக் காசுக் கதையைத் தாண்டிப் போய்விடுவார்.

விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் முறைப்பாட்டுப் படிவம் இருக்கும். அதை நிரப்பி, அனுப்பியதும் திரையில் வரும் எண்ணைப் படம் பிடியுங்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அதோடு இணைக்கலாம். படிவம் உங்கள் இணைய வேகத்துக்கு இழுபடுமென்றால், பதிவுத் தபாலில் அவர்களுடைய கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பினாலும் சட்டம் ஏற்கும். யூலை 2க்குள் அனுப்பியிருந்தால் போதும், அன்றைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமென்றில்லை. தபாற்கந்தோரில் தரும் பதிவுத் துண்டுதான் சாட்சி. நான் இரண்டையும் செய்வேன்.

பதிலில் என்ன வரலாம்? உடையும் செருப்பும் அம்மாவிடமே இருப்பதால் அவற்றில் பாதியைத் தருகிறோம் என்று சொல்வது வழக்கம். உங்கள் கணக்கில் அவை 182 யூரோ, பாதி 91. வைத்தியருக்கும் குளிசைக்கும் 44 முழுதாக. ஆக 135 யூரோ வந்தால் அதை ஏற்பதா என்று அம்மாவோடு பேசி முடிவெடுங்கள். சீலைக்கு மட்டும் இன்னொருமுறை எழுதிப் பார்க்கலாம், ஏனென்றால் அது அந்த ஒரு நாளுக்காக வாங்கியது. அடுத்த பயணத்துக்கான வவுச்சர் தருகிறோம் என்றால், அம்மா இனிப் பறக்கப் போவதில்லையென்றால் பணமாகத்தான் வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது, யூன் 3இலிருந்து. அதற்குப் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. அம்மாவின் டிக்கெட் கொழும்பிலிருந்து போய்க் கொழும்புக்குத் திரும்பும் ஒரே டிக்கெட், ஆகவே உடன்படிக்கையின் கண்ணில் பயணம் முடியும் இடம் கொழும்புதான். இலங்கையும் 2019 முதல் அதில் இருக்கிறது. 226 யூரோவுக்காக யாரும் கொழும்பில் வழக்காட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், விமான நிறுவனத்துக்கும் தெரியும். ஆனால் உறுப்புரை எண்ணோடும் சரியான திகதியோடும் வரும் கடிதத்தை ஒதுக்கி வைப்பது அவர்களுக்குக் கொஞ்சம் கடினம்.

இன்றைக்கே அண்ணாவுக்கு எடுத்து, செருப்புக் கடைச் சீட்டை முதலில் நல்ல படமாக எடுக்கச் சொல்லுங்கள். சூட்டில் அச்சாகும் தாள் அது. நீங்கள் அனுப்பிய படத்திலேயே 25இன் 5 மங்கத் தொடங்கிவிட்டது.